ஈரக் குறியீடு: வயலில் தண்ணீர் தேங்குமிடத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்தின் மேடு பள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே சேரும் என்று கணிக்கும் சூத்திரம் ஒரே வரிதான். நீரியலாளர்கள் பெவன், கிர்க்பி இருவரும் 1979இல் முன்வைத்தது. இதுதான் ஈரக் குறியீடு, ஆங்கிலச் சுருக்கத்தில் TWI:

```
TWI = ln(a / tan β)
```

ஓர் இடத்துக்கு மேல்பக்கத்திலிருந்து எவ்வளவு பரப்பின் தண்ணீர் வந்து சேருகிறதோ, அந்தப் பரப்பை அது கடந்து போகும் அகலத்தால் வகுத்தால் `a`. சதுர மீட்டரை மீட்டரால் வகுப்பதால் இதன் அலகு மீட்டர். `β` அந்த இடத்தின் சரிவு. நிறைய வந்து, மெல்ல வெளியேறும் இடத்தில் குறியீடு அதிகமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் என்னவென்றால், தப்பாகப் போட்டாலும் நீல நிறத்தில் அழகான வரைபடம் ஒன்று வந்துவிடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. அதனால் எந்தத் தவறு வரைபடத்தில் எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு செல்லைக் கையால் போட்டுப் பாருங்கள்

நிலத்தை 5 மீட்டர் சதுரக் கட்டங்களாக, அதாவது செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் உயர மாதிரி (டி.இ.எம்.) கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் 400 செல்களின் தண்ணீர் சேருகிறது. ஒரு செல் 25 சதுர மீட்டர். ஆக 10,000 சதுர மீட்டர், அதாவது 1 ஹெக்டேர். 5 மீட்டர் அகலத்தால் வகுத்தால் `a` = 2000 மீட்டர். சரிவு 2 டிகிரி என்றால் tan மதிப்பு 0.0349. விடை சுமார் 10.96.

இங்கே பலரும் 2000க்குப் பதிலாக 400 என்ற செல் எண்ணிக்கையையே போட்டுவிடுவார்கள். விடை 9.35 ஆகிவிடும். இதில் ஒரு சின்ன ஆறுதல்: எல்லாச் செல்லிலும் ஒரே அளவுதான் குறையும் (ln 5, அதாவது 1.61). எது ஈரம், எது காய்ச்சல் என்ற வரிசை மாறாது. வேறு செல் அளவில் போட்ட வரைபடத்தோடு ஒப்பிடும்போதுதான் இடிக்கும்.

டிகிரியை அப்படியே tan-க்குள் போடுவதில் இந்த ஆறுதல் கிடையாது. செல் செல்லாகக் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டர் tan-ஐ ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். 2 என்று கொடுத்தால் 2 ரேடியன் என்று நினைத்து −2.185 தரும். எதிர்ம எண்ணுக்கு மடக்கை இல்லை, அந்தச் செல் வெற்றாகிவிடும். 1.57 முதல் 3.14 டிகிரி வரை சரிவுள்ள நிலமெல்லாம் இப்படித்தான் காணாமல் போகும். 3.14ஐத் தாண்டியதும் மதிப்பு மறுபடி நேர்மமாகிவிடும், அதுவும் மிகச் சிறியதாக. 3.15 டிகிரி சரிவுக்கு உண்மையான tan 0.055; கால்குலேட்டர் நினைப்பது 0.0084. தண்ணீர் நிற்காமல் ஓடும் சரிவு, வரைபடத்தில் சமதளமாகி, ஈரமான இடம் என்று பளிச்சென நீலமாகத் தெரியும். சரிவு மாறும் இடங்களை ஒட்டிப் பட்டை பட்டையாக வெற்றிடமும், அதன் ஓரத்தில் நீலக் கோடும் தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம், இதுதான்.

இன்னொன்று: டி.இ.எம். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருந்து, உயரம் மட்டும் மீட்டரில் இருந்தால், எல்லாச் சரிவும் 90 டிகிரியை ஒட்டி வரும். முதலில் மீட்டர் அலகுள்ள ஆயத்தொலை முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரிவு பூஜ்யமானால்

சமதளத்தில் tan பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. சில கருவிகள் அந்தச் செல்லை வெற்றாக விட்டுவிடும். தண்ணீர் தேங்குமிடத்தைத் தேடும் வரைபடத்தில், அதிகம் தேங்க வாய்ப்புள்ள செல்லே ஓட்டையாகிவிடுவது நல்ல வேடிக்கை. எனவே tan-க்கு ஒரு கீழ் வரம்பு வைக்கிறோம். அந்த வரம்பை யோசிக்காமல் வைப்பதும் தவறுதான். மேலே பார்த்த `a` = 2000க்கு, வரம்பு 0.001 என்றால் உச்ச மதிப்பு 14.5, 0.0001 என்றால் 16.8. நிலம் ஒன்றும் மாறவில்லை, நாம் வைத்த எண்தான் மாறியது. 5 மீட்டருக்கு 1 செ.மீ. வித்தியாசம் என்றால் 0.002. அதற்குக் கீழே உள்ள சரிவை வயல் அளவு டி.இ.எம். உண்மையாகக் காட்டுகிறது என்று நம்ப முடியாது. நான் 0.002ஐத்தான் வைப்பேன்.

பள்ளத்தை நிரப்பிவிட்டுப் பள்ளத்தைத் தேடுவது

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். நீரோட்டத்தைக் கணக்கிடும் முன் டி.இ.எம்.-இல் உள்ள குழிகளை நிரப்ப வேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் முதல் படியாக இருக்கும். ஆற்றுப் படுகை அளவில் அது சரி. ஒரு வயலுக்கு? நாம் தேடுவதே அந்தக் குழிகளைத்தானே.

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். 200 மீட்டருக்கு 200 மீட்டர், 4 ஹெக்டேர். சீராக 0.5 சதவீதச் சரிவு. கீழ் ஓரத்தில் 60 செ.மீ. உயர மண்பாதை, அதன் அடியில் தண்ணீர் போக ஒரு குழாய். நடுவில் 30 மீட்டர் அகலம், 25 செ.மீ. ஆழத்தில் இயற்கையான ஒரு தாழ்வு.

டி.இ.எம்.-க்குக் குழாய் தெரியாது. பாதை அதற்கு ஒரு அணை. நிரப்பும் கருவி, தண்ணீர் பாதையைத் தாண்டி வழியும் மட்டம் வரை நிலத்தை உயர்த்திவிடும். 0.5 சதவீதச் சரிவில் 60 செ.மீ. உயரம் என்றால் பின்னோக்கி 120 மீட்டர். வயலில் பாதிக்கு மேல் தட்டையான ஏரியாகிவிட்டது! நிரப்பிய டி.இ.எம்.-இலிருந்தே சரிவையும் எடுத்தால், அந்த ஏரி முழுக்க உச்ச மதிப்பு. நடுவிலிருந்த நிஜத் தாழ்வும் ஒரு ஓரமாக அதற்குள் கரைந்துபோயிருக்கும். விளிம்பு கத்தரித்தாற்போல ஒரே உயரக்கோட்டில் நின்று, பாதையை ஒட்டி முடியும் பெரிய நீலத் திட்டு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் குழாய் இருக்கும் இடத்தை நேரில் பார்த்து, அந்தக் கோட்டில் மட்டும் பாதையின் உயரத்தை டி.இ.எம்.-இல் குறைத்துவிடுங்கள். இதைக் கருவியிடம் விட்டால் அது தனக்கு எளிதான இடத்தில் வெட்டும். குழாய் அங்கே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படி வெட்டிய டி.இ.எம்.-ஐ `dem_cut.tif` என்று வைத்துக்கொண்டால், வைட்பாக்ஸ்டூல்ஸ் மென்பொருளில் கட்டளைகள் இவை:

```
whitebox_tools -r=DepthInSink --wd=/data --dem=dem_cut.tif -o=sink.tif
whitebox_tools -r=BreachDepressionsLeastCost --wd=/data --dem=dem_cut.tif -o=breach.tif --dist=10 --fill
whitebox_tools -r=DInfFlowAccumulation --wd=/data -i=breach.tif -o=sca.tif --out_type=sca
whitebox_tools -r=Slope --wd=/data --dem=dem.tif -o=slope.tif --units=degrees
```

முதல் வரி, மிச்சமிருக்கும் குழிகளின் ஆழத்தைத் தனி வரைபடமாக எடுத்து வைக்கிறது. இரண்டாவது, குழிகளை நிரப்புவதற்குப் பதில் முடிந்த இடங்களில் சின்னதாக வாய்க்கால் வெட்டி வடியவிடுகிறது. நீரோட்டம் அதிலிருந்து வருகிறது. சரிவு மட்டும் கை வைக்காத மூல டி.இ.எம்.-இலிருந்து. பிறகு கியூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டரில்:

```
ln("sca@1" / max(tan("slope@1" * 3.14159265 / 180), 0.002))
```

இப்போது இரண்டு வரைபடங்கள் கையில் உள்ளன, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஈரக் குறியீடு தண்ணீர் எந்தப் பக்கம் திரள்கிறது என்று சொல்லும், எவ்வளவு நிற்கும் என்று சொல்லாது. குழி ஆழ வரைபடம் அதைச் சொல்லும். நம் தாழ்வு ஒரு தட்டு வடிவம் என்று கொண்டால் சராசரி ஆழம் 12.5 செ.மீ., பரப்பு சுமார் 707 சதுர மீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 88 கன மீட்டர். அதற்கு மேலே 1 ஹெக்டேர் வடிகிறது என்றால், நிலத்தில் இறங்காமல் ஓடிவரும் நீர் 9 மி.மீ. இருந்தாலே அது நிரம்பி வழியத் தொடங்கிவிடும். ஆனால் 5 செ.மீ. ஆழமுள்ள குழியை நம்பி வாய்க்கால் வெட்டக் கிளம்ப வேண்டாம். லேசர் கொண்டு அளக்கும் லைடார் டி.இ.எம்.-இலேயே உயரப் பிழை 10 செ.மீ. அளவுக்கு இருப்பது சாதாரணம்.

வயலின் எல்லையில் வெட்டிவிட்டுக் கணக்குப் போடுவது

கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று டி.இ.எம்.-ஐ முதலிலேயே வயல் எல்லைக்கு வெட்டிவிடுகிறோம். தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியுமா? மேலே உள்ள 10 ஹெக்டேர் நிலம் ஓர் ஓடை வழியாக வயலுக்குள் வடிகிறது என்றால், அது நுழையும் செல்லில் `a` = 20,000 மீட்டர். வெட்டிய டி.இ.எம்.-இல் அந்தச் செல்லுக்கு அதன் சொந்தப் பரப்பு மட்டும்தான், `a` = 5. குறியீட்டில் 8.3 குறையும். வயலின் மிக ஈரமான மூலை, மிகக் காய்ந்த மூலையாகத் தெரியும். மேல் எல்லை நெடுக, எல்லைக் கோட்டுக்கு இணையாகக் காய்ந்த பட்டை ஓடினால் இதுதான் காரணம். மேல்பக்கம் நீர் பிரியும் மேட்டு வரை டி.இ.எம்.-ஐ எடுத்துக் கணக்கிட்டு, கடைசியில் வெட்டுங்கள்.

கைக்குக் கிடைத்த டி.இ.எம்.

இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் தரவில் நம் 4 ஹெக்டேர் வயல் வெறும் 44 செல்கள். அப்படிப்பட்ட தரவான எஸ்.ஆர்.டி.எம்.-இன் உயரங்களோ முழு மீட்டரில்தான் இருக்கும். 0.5 சதவீதச் சரிவில் 1 மீட்டர் இறங்க 200 மீட்டர் வேண்டும். ஆக வயல் முழுக்க ஒரே உயரம், எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஒரு படி. அதில் எத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்டாலும், தெரிவது அந்தப் படிதான். எதிர்ப்பக்கமும் பொறி உண்டு. 1 மீட்டர் லைடாரில் உழவுச் சால்கள்கூடத் தெரியும், நீரோட்டம் சால் வழியே ஓடி வரைபடம் சீப்புப் பல் போல ஆகிவிடும். சால் அடுத்த உழவில் அழிந்துவிடும், தாழ்வு அப்படியே இருக்கும். அதனால் 3 முதல் 5 மீட்டருக்குச் சராசரியாக்கிக்கொண்டு போடுவது நல்லது.

எண்ணைப் படிக்கும்போது

‘12க்கு மேல் இருந்தால் சதுப்பு’ என்பது போன்ற பொது வரம்பு எதையும் கடன் வாங்காதீர்கள். செல் அளவு, நீரோட்ட முறை, சரிவின் கீழ் வரம்பு எல்லாமே அந்த எண்ணை நகர்த்தும். சாகா மென்பொருளில் உள்ள `SAGA Wetness Index` நீர் சேரும் பரப்பையே வேறு விதமாகத் திருத்திக் கணக்கிடுகிறது; அதன் எண்ணை இதோடு ஒப்பிடவே முடியாது. ஒரே வயலுக்குள், மேல் 10 சதவீதச் செல்கள் எங்கே என்று பார்ப்பதுதான் பயன்படும்.

அப்புறம், நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து அந்த இடங்களுக்கு நடந்துபோய்ப் பாருங்கள். இந்தக் கணக்கு மண் எங்கும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்கிறது. எண் அதிகமாக இருந்தும் தரை காய்ந்திருந்தால், அடியில் மணலோ, புதைத்த வடிகால் குழாயோ இருக்கலாம். எண் குறைவாக இருந்தும் கால் புதைந்தால் ஒரு கம்பியை இறக்கிப் பாருங்கள். உழவு ஆழத்துக்குக் கீழே கெட்டிப்பட்ட மண்ணில் அது முட்டி நின்றால், தண்ணீர் நிற்பதற்குக் காரணம் மேற்பரப்பு அல்ல, எந்த டி.இ.எம்.-இலும் அது தெரியாது.