ஐந்து மேற்கோள், ஒரே எண்: சந்தை ஆய்வு அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டுப் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு, சந்தை ஆய்வுத் தொழிலுக்கு நான் வந்த முதல் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் செக்குக் கடலை எண்ணெய்க்கு எவ்வளவு சந்தை இருக்கிறது, இன்னும் இரண்டு செக்கு போடலாமா என்பதுதான் அவர் கேள்வி. முதல் பக்கத்தில் கோடிக்கணக்கில் ஒரு பெரிய எண்ணைப் போட்டு, அடியில் ஐந்து மேற்கோள்களும் கொடுத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதை யாருங்க தம்பி எண்ணுனது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து ஐந்தையும் மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டு செய்திக் கட்டுரைகள், ஒரு வலைப்பதிவு, ஒரு கடன் ஆலோசகரின் பக்கம், ஒரு கண்காட்சிக் கையேடு. ஐந்திலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்கூட ஒன்றாக இருந்தது. எல்லாமே ஆய்வறிக்கை விற்கும் ஒரு நிறுவனத்தின் செய்திக்குறிப்பிலிருந்து எடுத்தவை. இப்படிப்பட்ட குறிப்புகளில் மொத்தத் தொகையும் வளர்ச்சி விகிதமும் இலவசமாகக் கிடைக்கும். எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது மட்டும் பல ஆயிரம் டாலர் விலையுள்ள அறிக்கைக்குள் இருக்கும். ஐந்து ஆதாரம் என்று நான் நினைத்தது ஒரே ஆதாரம், அதுவும் சரிபார்க்க முடியாதது.

கணினி முன் உட்கார்ந்து, ஏற்கெனவே வெளியான தரவை வைத்துச் சந்தை ஆய்வு செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கண்டுபிடிப்பது கடினமில்லை. அந்த எண்ணை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, எது முதலில் வெளியானது என்று தேதிவாரியாகப் பாருங்கள். அப்புறம் அந்த முதல் இடத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பொருள் உள்ளே வருகிறது, யாரை எண்ணினார்கள். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அந்த எண்ணை நான் முதல் பக்கத்தில் வைப்பதில்லை. "இப்படி ஒரு மதிப்பீடு சுற்றி வருகிறது, முறை தெரியவில்லை" என்று உள்ளே ஒரு வரி எழுதிவிடுவேன்.

சரி, அந்த எண்ணை எடுத்துவிட்டால் வேறு என்ன வைப்பது? அடியிலிருந்து கட்ட வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. நாடு முழுக்க 2,61,746 வீடுகள். அதில் கடலை எண்ணெய் தனிப் பொருளாகவே வருகிறது, வீட்டுவாரித் தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை அப்படியே வைப்பது அடுத்த தவறு. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அரசின் தொழில்நுட்பக் குழு தந்த கணிப்பையே எடுக்க வேண்டும். அதன்படி 2023இல் தமிழ்நாட்டுக்குச் சுமார் 7.7 கோடி.

இனி கணக்கு. முறை புரிவதற்காக மட்டும், ஒருவர் மாதம் 200 மில்லி கடலை எண்ணெய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 18.5 கோடி லிட்டர் வருகிறது. இதில் செக்கு எண்ணெய் எவ்வளவு என்று கணக்கெடுப்பு சொல்லாது. செக்கு, ஆலை இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன. இந்த இடத்தில் ஒரு பங்கை ஊகித்து, ஊகம் என்று சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. 5 முதல் 15 சதவீதம் என்று வைத்தால், 92 லட்சம் லிட்டர் முதல் 2.8 கோடி லிட்டர் வரை வரும். இடைவெளி பெரியதுதான். ஆனால் எந்த ஊகத்தால் பெரிதாகிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். அவர் ஊரில் நாலு கடையில் விசாரித்து அந்த ஒரு பங்கை மட்டும் அவரே திருத்திக்கொள்ளலாம்.

மேல் வரம்பை இன்னொரு பக்கத்திலிருந்தும் சோதிப்பேன். செக்கில் ஒரு லிட்டர் எடுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு வேண்டும். 2.8 கோடி லிட்டருக்கு 70,000 டன் பருப்பு. தோலோடு பார்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் டன். மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை வெளியிடும் பருவம், பயிர் அறிக்கையில் நிலக்கடலை விளைச்சல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால், செக்குகள் மட்டும் விளைச்சலில் இவ்வளவு பங்கை வாங்குவது நடக்கிற காரியமா என்று தெரிந்துவிடும். தெரிந்த ஒரு மண்டி வியாபாரியைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

அலகு விஷயத்தில் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் அச்சாகியிருக்கும். ஓர் அட்டவணையில் கிலோ, இன்னொன்றில் லிட்டர், நான் இரண்டையும் கூட்டிவிட்டேன். அந்தப் பிழை பத்து சதவீதத்துக்கு அருகில் வரும். நிதியாண்டையும் ஆங்கில ஆண்டையும் கலப்பதும், கடை விலையையும் ஆலை விலையையும் கலப்பதும் இதே வகைதான். இதற்காக ஒரு பதிவுத்தாள் வைத்திருக்கிறேன்: எண், முதலில் சொன்னவர், காலம், அலகு, பக்கம், நான் பார்த்த தேதி. எண்ணைக் கண்டவுடனே இந்த வரியை நிரப்ப வேண்டும். மாலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், பக்கம் எங்கே போனது என்று தேடுவதிலேயே இரவு போய்விடும்.

சுருக்கத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. நான் முதலில் எழுதியது இது: "இந்த ஆய்வு பல்வேறு இரண்டாம்நிலைத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்து சந்தையின் பரந்த வாய்ப்புகளை ஆராய்கிறது." செக்கு வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: "வீடுகள் வாங்கும் செக்குக் கடலை எண்ணெய் ஆண்டுக்கு 92 லட்சம் முதல் 2.8 கோடி லிட்டர் வரை இருக்கலாம். செக்கின் பங்கு என்ற ஊகத்தை வைத்தே இது மாறும். ஹோட்டல், பலகாரக் கடை வாங்குவது இதில் சேரவில்லை. உங்கள் மாவட்டத்துக்குத் தனித் தரவு கிடைக்கவில்லை." கிடைக்காததையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னிணைப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

கட்டணத்துக்கு வருவோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசினால் அறிக்கை தானாக ஊதும். மொத்தமாக ஒரு தொகை என்று மட்டும் பேசினால், "அப்படியே கேரளாவையும் பார்த்துடுங்க" என்று வேலை நீண்டுகொண்டே போகும். நான் கேள்விகளை எண்ணி விலை சொல்கிறேன். மூன்று கேள்வி, ஒரு மாநிலம், ஒரு பொருள், ஒரு முறை திருத்தம், பாதி முன்பணம். நாலாவது கேள்விக்குத் தனித் தொகை. விலை சொல்வதற்கு முன்னால் அரை நாள் தரவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன், அந்த அரை நாளுக்கும் சிறு கட்டணம் உண்டு. கணக்கெடுப்பில் செக்கு எண்ணெய்க்குத் தனித் தரவு இல்லை என்பது அந்த அரை நாளிலேயே தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அவரிடம் முதலிலேயே, "ஒரே எண்ணாகக் கிடைக்காதுங்க, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றுதான் சொல்ல முடியும், அதுக்கு இந்தத் தொகை, சம்மதமா?" என்று கேட்டிருப்பேன்.

அவருக்கு அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பணம் வாங்கவில்லை. பங்கு ஊகம் இருந்த வரியில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, ஒரு செக்கு மட்டும் கூடுதலாகப் போட்டார்.