பீக் ஹவரில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து? ஹெட்வே கணக்கு, முதல்முறை போடுபவர்களுக்கு

ஒரு வழித்தடத்தில் காலை நெரிசல் நேரத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் தரும் சூத்திரம் இருக்கிறது. ஆனால் அதில் என்ன எண்ணைப் போடுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிட்டு, மீதி இடத்தையெல்லாம் அந்த எண்களுக்கே செலவிடப் போகிறேன்.

```
h = 60 × S × L / P
```

இதில் h என்பது ஹெட்வே, அதாவது ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே உள்ள நிமிடங்கள். S என்பது ஒரு பேருந்தில் உள்ள இருக்கைகள். L என்பது நாம் வைத்துக்கொள்ளும் லோடு ஃபேக்டர், அதாவது இருக்கைகளைப் போல எத்தனை மடங்கு ஆட்களை ஏற்றலாம் என்ற எண். P என்பது ஒரு மணி நேரத்தில் வண்டிகள் சுமக்க வேண்டிய ஆட்கள். S × L என்றால் ஒரு வண்டியில் நாம் ஏற்ற நினைக்கும் ஆட்கள், P-யை அதால் வகுத்தால் மணிக்கு எத்தனை வண்டி என்று வரும், 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் இடைவெளி. அவ்வளவுதான் சூத்திரம்.

படி 1: P எந்த இடத்தில் எடுத்த எண்?

எட்டு நிறுத்தங்கள் உள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம், எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. காலை 8:00 முதல் 9:00 வரை ஒரே திசையில் ஏறியவர்கள், இறங்கியவர்கள், நிறுத்தத்தைத் தாண்டும்போது எல்லா வண்டிகளிலும் சேர்த்து உள்ளே இருந்தவர்கள்:

| நிறுத்தம் | ஏறியவர் | இறங்கியவர் | வண்டிக்குள் |
|---|---|---|---|
| 1 | 120 | 0 | 120 |
| 2 | 160 | 20 | 260 |
| 3 | 200 | 50 | 410 |
| 4 | 150 | 80 | 480 |
| 5 | 110 | 160 | 430 |
| 6 | 80 | 170 | 340 |
| 7 | 60 | 190 | 210 |
| 8 | 0 | 210 | 0 |

ஏறியவர்களைக் கூட்டினால் 880 வருகிறது. நிறைய பேர் செய்யும் தவறு இந்த 880-ஐ எடுத்து P என்று போடுவது. டிக்கெட் கணக்கில் எளிதாகக் கிடைப்பது அந்த எண்தான், அதனால் கை தானாக அங்கே போகும். ஆனால் 2-இல் ஏறி 5-இல் இறங்கியவரின் இடத்தில் 5-இல் ஏறியவர் உட்கார்ந்துகொள்கிறார், ஒரே இடம் ஒரே நடையில் இரண்டு பேருக்குப் பயன்படுகிறது. வண்டி தாங்க வேண்டியது மொத்தம் ஏறியவர்களை அல்ல, ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவர்களை. அது உச்சத்தைத் தொடுவது 4-க்கும் 5-க்கும் இடையில், 480 பேர். நமக்கு வேண்டியது இந்த எண்தான், அந்தத் துண்டுதான் நம் உச்சச் சுமைப் பகுதி.

எதிர்த்திசையின் எண்ணை இதோடு கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. இரண்டில் எது பெரியதோ அதற்குத்தான் கணக்கு.

படி 2: லோடு ஃபேக்டர் எதன் மேல்?

நம் வண்டியில் 40 இருக்கை, நின்றுகொண்டு 24 பேர், ஆக மொத்தம் 64 பேருக்கு மேல் ஏற முடியாது என்று வைப்போம். "லோடு ஃபேக்டர் 1.25" என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இருக்கைகளின் மேலா, மொத்தக் கொள்ளளவின் மேலா என்பதுதான். இருக்கைகளின் மேல் என்றால் 40 × 1.25 = 50 பேர், பத்துப் பேர் நின்றுகொண்டு வருவார்கள். அதையே 64-இன் மேல் போட்டால் 80 பேர் வரும், அந்த வண்டி உலகத்தில் இல்லை. சிலர் மொத்தக் கொள்ளளவை வைத்து 0.8 என்று எழுதுவார்கள், அதுவும் ஏறத்தாழ 51 பேர்தான். எண் எதுவாக இருந்தாலும் அதை உடனே "வண்டிக்கு இத்தனை பேர்" என்று மாற்றி எழுதிவிடுங்கள், குழப்பம் அங்கேயே தீரும்.

64 பேர் ஏற முடியும்போது ஏன் 50-இல் நிறுத்துகிறோம்? வண்டிகள் ஒரே மாதிரி நிரம்புவதில்லை, சராசரி 64 என்றால் பாதி வண்டிகளில் இடம் போதாது. இன்னொன்று, நடைவழி அடைத்துக்கொண்டால் இறங்குபவர் கதவுக்கு வரவே நேரம் பிடிக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி கூடுதல் நேரம் நிற்கும், தாமதமாகும், தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம் சேர்ந்திருக்கும்.

சரி, போட்டுப் பார்ப்போம்:

```
h = 60 × 40 × 1.25 / 480 = 6.25
```

ஆறே கால் நிமிடம். எப்போதும் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும், மேலே போனால் வண்டிக்கு 50 பேர் என்ற வரம்பு உடைந்துவிடும். 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 வண்டி, வண்டிக்கு 48 பேர். 880-ஐப் போட்டிருந்தால் 3.4 நிமிடம் வந்திருக்கும், ஏறக்குறைய இரண்டு மடங்கு வண்டி கேட்டு நின்றிருப்போம்.

படி 3: ஒரு மணி நேரத்தை நான்காக உடையுங்கள்

பலர் மேலே உள்ள விடையோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு இந்தக் கணக்கில் முக்கியமாகப் படுவதோ இதற்கு அடுத்த வேலைதான். 480 பேர் மணி முழுக்கச் சீராக வரவில்லை. அதே 4–5 துண்டில் கால் மணிக்கு ஒருமுறை எண்ணினால்:

8:00–8:15 : 90 பேர்
8:15–8:30 : 130 பேர்
8:30–8:45 : 160 பேர்
8:45–9:00 : 100 பேர்

8:30-இலிருந்து 8:45 வரை 15 நிமிடத்துக்கு 160 பேர். 6 நிமிட இடைவெளியில் ஒரு வண்டிக்கு வருவது 160 × 6 / 15 = 64 பேர். அதாவது எல்லா வண்டியும் சரியான நேரத்துக்கு வந்தாலும் கடைசி ஆள் வரை நிரம்பியிருக்கும், ஒரு வண்டி ஒரு நிமிடம் பிந்தினாலும் நிறுத்தத்தில் ஆட்கள் விடுபடுவார்கள். மணிக்கணக்கின் சராசரி 48 என்று காட்டிய அதே அட்டவணைதான் இது.

அதனால் P-க்கு உச்சக் கால் மணியை நான்கால் பெருக்கிப் போடுகிறோம், 160 × 4 = 640. (480-ஐ 640-ஆல் வகுத்தால் 0.75, இதைப் பீக் ஹவர் ஃபேக்டர் என்பார்கள். 1-க்கு எவ்வளவு நெருக்கமோ, கூட்டம் அவ்வளவு சீர்.)

```
h = 60 × 40 × 1.25 / 640 = 4.69
```

இதை 4 ஆக்குவதா, 5 ஆக்குவதா, 4.5 ஆக்குவதா? 5 என்றால் உச்சத்தில் வண்டிக்கு 53 பேர், வரம்பைத் தாண்டுகிறது. 4 என்றால் 43 பேர், வசதிதான், ஆனால் வண்டி அதிகம் வேண்டும். 4.5 என்றால் 48 பேர். 15, 20, 30 நிமிடம் போன்ற பெரிய இடைவெளிகளில் 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணாக இருப்பது நல்லது, பயணி நேரத்தை நினைவில் வைத்து வருவார். நான்கைந்து நிமிட இடைவெளியில் யாரும் அட்டவணை பார்த்து வருவதில்லை, அதனால் நான் தயங்காமல் 4.5 எடுப்பேன்.

படி 4: எத்தனை வண்டி, எந்த நேரத்தில்

வண்டி போய், திரும்பி வந்து, ஓய்வும் எடுத்து மறுபடி புறப்பட 90 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். அந்த 90-ஐ ஹெட்வேயால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் தேவையான வண்டிகள் கிடைக்கும். 6 நிமிடத்துக்கு 15, 4.5-க்கு 20, 4-க்கு 23.

ஆனால் 4.5 நமக்கு மணி முழுக்கத் தேவையில்லை. 8:15–8:45 மட்டும் 4.5, அதற்கு முன்னும் பின்னும் 6 என்று வைத்துப் பாருங்கள். நான்கு கால் மணிகளிலும் வண்டிக்கு 36, 39, 48, 40 பேர், எல்லாம் 50-க்குள். ஒரு 90 நிமிடச் சுற்றில் புறப்படும் வண்டிகளை எண்ணினால், அரை மணிக்கு 6.7, மீதி ஒரு மணிக்கு 10, ஆக 17 வண்டி போதும். முழுநேரம் 4.5 விட்டால் 20. மூன்று வண்டியும் அவற்றுக்கான ஓட்டுநர்களும் மிச்சம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை மறந்தால் எல்லாம் வீணாகும். 8:15 என்பது 4–5 துண்டில் வண்டி இருக்கும் நேரம், புறப்படும் நேரம் அல்ல. முதல் நிறுத்தத்திலிருந்து அங்கே வர 20 நிமிடம் என்றால் நெருக்கமான புறப்பாடுகள் 7:55-இலிருந்து 8:25 வரை இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 8:15-க்கு நெருக்கமாக விட்டால் கூடுதல் வண்டிகள் 8:35-க்குத்தான் உச்சப் பகுதிக்கு வரத் தொடங்கும், பாதிக்கு மேல் கூட்டம் அதற்குள் பழைய இடைவெளியிலேயே அவதிப்பட்டுப் போயிருக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு என்ன பார்ப்பது

அட்டவணையில் 4.5 என்று எழுதியதால் சாலையில் 4.5 வந்துவிடாது. உச்சக் கால் மணியில் ஒரு வண்டி 7 நிமிடம் கழித்து வந்தால் அதற்குக் காத்திருப்பவர்கள் 160 × 7 / 15, ஏறத்தாழ 75 பேர். 64 பேர் ஏறுவார்கள், 11 பேர் நிற்பார்கள். பின்னாலேயே 2 நிமிடத்தில் வரும் வண்டிக்குக் கிடைப்பது அந்த 11 பேரும் புதிதாக வந்த 21 பேரும், 32 பேர்தான். சராசரி இன்னும் 48, கணக்கில் தப்பே தெரியாது. முன்னே நெரிசல், பின்னே காலி இருக்கை என்று ஜோடி ஜோடியாக வண்டி வந்தால் உங்கள் பிரச்சினை ஹெட்வே எண் அல்ல, வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அதற்கு இன்னும் வண்டி சேர்த்தால் மூன்று மூன்றாக ஒட்டும், பின்னால் நெருங்கி வரும் வண்டியை வழியில் ஒரு நிறுத்தத்தில் சற்று நேரம் பிடித்து வைத்து விடுவதுதான் வழி.

இன்னொரு அடையாளம், எண்ணிக்கைத் தாளில் உச்ச நேர வண்டிகள் எல்லாம் 63, 64, 64, 63 என்று வருவது. அது தேவை அல்ல, வண்டியின் கொள்ளளவு. ஏற முடியாமல் நின்றவர்களை வண்டிக்குள் இருந்து எண்ணுபவர் பார்க்கவே முடியாது. அப்படிப்பட்ட தாளை வைத்து P போட்டால் எப்போதும் குறைவாகத்தான் வரும், அதனால் ஒருவரை 4-ஆம் நிறுத்தத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வண்டி கிளம்பிய பிறகும் மிச்சம் நிற்பவர்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு நாள் போதாது, நாலைந்து வேலை நாட்கள் வேண்டும். மூன்று நாளாவது 8:30–8:45-இல் ஆட்கள் விடுபட்டால், 8:45-க்குள் கிளம்பிய கடைசி வண்டிக்குப் பிறகும் மிச்சம் நின்றவர்களை மட்டும் அந்தக் கால் மணியின் 160-உடன் சேர்த்து, நான்கால் பெருக்கி, படி 3-ஐ மறுபடி போடுங்கள்.