வங்கி அறிக்கையில் வரவு, வங்கியின் ரொக்கக் கணக்கில் பற்று

நீங்கள் 10,000 ரொக்கம் செலுத்தும்போது வங்கி தன் ஏட்டில் இரண்டு பதிவுகளைச் செய்கிறது: கைக்கு வந்த பணம் அதன் சொத்து என்பதால் ரொக்கக் கணக்கில் பற்று, அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் அதன் பொறுப்பு என்பதால் உங்கள் வைப்புக் கணக்கில் வரவு. உங்களுக்கு வரும் அறிக்கை இரண்டாவது பதிவின் நகல் மட்டுமே. பற்றுப் பதிவு உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே, சொந்தக் கணக்கேட்டை எழுதுபவர்கள் அறிக்கையை அப்படியே படியெடுக்கக் கூடாது. உங்கள் ஏட்டில் வங்கி இருப்பு உங்கள் சொத்து என்பதால், வங்கிக் கணக்கைப் பற்று வைத்து, ரொக்கக் கணக்கை வரவு வைக்க வேண்டும். பக்கம் மாறிவிட்டால், இருப்புகளை ஒப்பிடும்போது வேறுபாடு 10,000 ஆக அல்லாமல், அதன் இருமடங்காக, 20,000 என்று நிற்கும். இந்த வகைப் பிழையைத் தேட இதுவே நல்ல தடயம்.