சோழ அரசைச் சுருக்கி எழுதும்போது காணாமல் போகும் பெயர்கள்

சேலத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைகளின் தேர்வுக் குறிப்புகளில் இப்படியொரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "சோழ அரசு தளர்வான அரசே என அறிஞர்கள் நிறுவியுள்ளனர், சுப்பராயலுவின் நாடு பற்றிய ஆய்வும் இதையே காட்டுகிறது."

இதில் "அறிஞர்கள்" என்பது யார்? அப்படி வாதிட்டவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின், 1980-இல். கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களை ஆராய்ந்து எய்டன் சவுதால் முன்வைத்த 'செக்மென்டரி ஸ்டேட்' என்ற மாதிரியை அவர் சோழர்களுக்குப் பொருத்தினார். சடங்கு அளவில் மன்னனின் தலைமையை எல்லோரும் ஏற்றார்கள். நிஜமான அதிகாரமோ அந்தந்த நாட்டுக்குள்ளேயே இருந்தது என்பது அவர் கட்சி. நாடு என்றால் இங்கே ஊர்களின் தொகுதி. சேர்வராயன் மலை ஊர்களில் இருந்து வரும் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அங்கே இன்றும் அப்படித்தான் பேச்சு.

"நிறுவியுள்ளனர்" என்பது அதைவிட மோசம். ஒரு தரப்பின் வாதத்தைத் தீர்ப்பாக்கிவிடுகிறது. "சுட்டிக்காட்டுகிறார்" என்பதும் சத்தமில்லாமல் அதையே செய்யும். சர்ச்சை உள்ள இடத்தில் "வாதிடுகிறார்", "கருதுகிறார்" போதும்.

பெரிய தப்பு சுப்பராயலு விஷயத்தில்தான். சோழ மண்டலத்து நாடுகளை வரைபடமாக்கி 1973-இல் அவர் வெளியிட்டார். ஸ்டெயின் அதைத் தன் வாதத்துக்கு எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் தரவைக் கொடுத்தவர் முடிவுக்கும் உடன்பட்டார் என்று ஆகிவிடாது. சுப்பராயலுவும் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்கள், அதிகாரிகளின் பட்டங்கள், வரிச் சொற்கள் ஆகியவற்றைக் காலவாரியாக எண்ணிப் பார்த்தவர்கள். ராஜராஜன் காலத்தில் நாடுகளுக்கு மேலே வளநாடுகள் என்ற பெரிய பிரிவுகள் வந்ததையும், நிலவரியைக் கவனித்த புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் கல்வெட்டுகளில் தென்படுவதையும் காட்டி, மையப்படுத்தும் முயற்சி நடந்தது என்றார்கள். அதாவது ஸ்டெயினுக்கு எதிர்ப்பக்கம்.

சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய நீலகண்ட சாஸ்திரிக்கும் அநியாயம் நடக்கும். அவரை "மையப்படுத்தப்பட்ட அரசு என்றவர்" என்று முடித்துவிடுவார்கள். வலுவான அதிகாரவர்க்கத்தோடு சுறுசுறுப்பான ஊர்ச்சபைகளும் இருந்தன என்றுதான் 1930-களில் அவர் எழுதினார்.

சரி, அந்த வரியை இப்படி மாற்றலாம்: "வலுவான நிர்வாகமும் ஊர்ச்சபைகளும் சேர்ந்து இயங்கியதாக நீலகண்ட சாஸ்திரி கருதினார். நாடுகளே அதிகார மையம், மன்னனுடையது சடங்குத் தலைமை என்று ஸ்டெயின் (1980) வாதிட்டார். கராஷிமாவும் சுப்பராயலுவும் இதை ஏற்கவில்லை. ராஜராஜன் காலம் முதல் மையப்படுத்தும் முயற்சிக்குக் கல்வெட்டுச் சான்று காட்டினர்."

இடம் போதவில்லை என்றால் வளநாடு, திணைக்களம் போன்ற விவரங்களை வெட்டுங்கள். பெயர்களில் கை வைக்காதீர்கள். கடைசியில் "ஆக, சோழ அரசு இரண்டும் கலந்தது" என்று சமரசம் செய்து ஒரு வரி சேர்க்கும் ஆசையும் வரும். அது இவர்களில் யாருடைய முடிவும் இல்லை, உங்களுடையது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் கருத்து என்று குறித்து, தனிப் பத்தியில் எழுதுங்கள்.