புடவை மட்டும் மாறட்டும், முகம் மாறக் கூடாது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு விளம்பரப் படம் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏஐ மூலம் புடவையை மாற்றினால் முகமும் வளையலும்கூடச் சற்றே மாறிவிடும். போட்டோஷாப் போன்ற மென்பொருளில் அசல் படத்தைக் கீழ் லேயரிலும் புதியதை மேலேயும் வையுங்கள். மேல் லேயரின் blend mode-ஐ Difference நிலைக்கு மாற்றினால், இரண்டும் பொருந்தும் இடம் கறுப்பாகும். மூக்குத்தி இரட்டையாகத் தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது. அளவையும் இடத்தையும் சரிசெய்யுங்கள்.

பிறகு Normal நிலைக்குத் திரும்பி, மேல் லேயரை முழுதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, புடவைமீது மட்டும் வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள். தோளில் விழும் கூந்தல்தான் உண்மையான சிக்கல். அசல் முடியிழைகளுக்கு நடுவே பழைய புடவையின் நிறம் எட்டிப்பார்க்கும். அந்த இடத்தில் மட்டும் புதிய படத்தின் கூந்தலையே வைத்துக்கொள்ளுங்கள்.