பயஸ் கட் பாவாடை ஒரு பக்கமாகத் திருகியது: என் அனுபவம்

கிரேப் துணியில் 45 டிகிரி கிராஸாக வெட்டிய ஏ-லைன் ஸ்கர்ட். போட்டு நடந்தால் பக்கத் தையல் முன்பக்கமாகத் திருகும், கீழ் விளிம்பு ஒரு பக்கம் இறங்கும். விளிம்பைச் சமமாக வெட்டினேன். மறுநாள் மறுபடி இறங்கியது. தையலைப் பிரித்து, நூல் இழுவையைத் தளர்த்தி மீண்டும் தைத்தேன். அயர்ன் செய்தும் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

காரணம் பக்கக் கோட்டின் சாய்வில் இருந்தது. நடுக்கோடு 45 டிகிரியில் இருந்தாலும், பக்கக் கோடு 15 டிகிரி விரிந்தால், ஒரு பக்கம் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு 30 டிகிரியிலும் மறுபக்கம் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு 30 டிகிரியிலும் வரும். பெரும்பாலான துணிகளில் ஊடைதான் அதிகம் நீளும். முன்னும் பின்னும் ஒரே திசையில் வெட்டினால், பாவுப் பக்கம் ஊடைப் பக்கத்தோடு சேர்கிறது, திருகல் அங்கிருந்துதான். துணியின் ஓரத்தில் இரு திசையிலும் விரலால் இழுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

சரியானது இப்படி: முன்னுக்கும் பின்னுக்கும் நடுத்தையல் வைத்து நான்கு துண்டுகள். துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, கரையிலிருந்து 45 டிகிரி அளந்து, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது துண்டுக்குப் பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். இரு பக்கத் தையலிலும் இப்போது முன்துண்டுக்கும் பின்துண்டுக்கும் ஒரே நூல் திசை. துணி கூடுதலாகச் செலவாகும்; கோடு போட்ட துணியில் நடுவில் வி வடிவம் விழும்.

தைத்தபின் இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, உடுத்திய நிலையில் தரையிலிருந்து அளந்து விளிம்பைக் குறித்தேன். சிறிது இறங்கியது, ஆனால் இரு பக்கமும் ஒரே அளவில்.