கேட்டரிங் அட்வான்ஸ், மீதிப் பணம்: வாட்ஸ்அப் மெசேஜைத் திருத்தி எழுதுவது எப்படி

சின்ன அளவில் கேட்டரிங் எடுப்பவர்கள் பலர் அனுப்பும் மெசேஜ் இப்படித்தான் இருக்கும்:

"சார் அட்வான்ஸ் 20000 போடுங்க. மீதி ஃபங்ஷனுக்கு முன்னாடி. எக்ஸ்ட்ரா இலைக்குத் தனி. கேன்சல் பண்ணா அட்வான்ஸ் வராது."

காதுகுத்து வீட்டுக்கு இது போனதாக வைத்துக்கொள்வோம். 250 இலை, இலைக்கு 320 ரூபாய், மொத்தம் 80,000.

முதலில் "முன்னாடி" என்பதை எடுத்துவிட்டுத் தேதி போடுங்கள். அவர்கள் விழா அன்று காலை என்று நினைப்பார்கள், உங்களுக்கோ மளிகை வாங்கப் பணம் வேண்டும். மளிகை வாங்கும் நாளையே இரண்டாவது தவணைக்கும் இலை எண்ணிக்கையை முடிவு செய்வதற்கும் கெடுவாக வைத்தால் ஒரே தேதியில் இரண்டும் முடிந்துவிடும்.

அடுத்தது இலைக் கணக்கு. சண்டை வருவதே இங்கேதான். அவர்கள் விருந்தினரை எண்ணுவார்கள், நீங்கள் போட்ட இலையை எண்ணுவீர்கள், மேளக்காரரும் போட்டோகிராபரும் டிரைவரும் சாப்பிட்டது யார் கணக்கு என்று கடைசிப் பந்தி முடிந்ததும் இழுபறி ஆரம்பிக்கும். அதனால் எண்ணுவது இலையைத்தான், எல்லாருக்கும் போட்டது சேரும் என்று எழுதி, எண்ணும்போது அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கட்டும் என்றும் கேளுங்கள். ஆள் குறைந்தாலும் சமைத்தது சமைத்ததுதான், அதையும் சொல்லிவிடுங்கள்.

ரத்துக்கு ஒரு வரி போதும். "வராது" என்று மொட்டையாகச் சொல்லாமல் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும் என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி பில் போடுபவர் என்றால் விலையில் அது சேர்ந்ததா, தனியா என்பதும் வேண்டும்.

திருத்தியது:

"வணக்கம் சார். செப்டம்பர் 14, ஞாயிறு, காதுகுத்து மதிய சாப்பாடு. 250 இலை × ரூ.320 = ரூ.80,000.
இப்போது அட்வான்ஸ் ரூ.20,000. பணம் வந்ததும் தேதி உங்களுக்கு உறுதி.
செப். 11 மாலைக்குள் ரூ.40,000. இலை எண்ணிக்கையையும் அன்றே முடிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு குறைந்தாலும் சொன்ன எண்ணிக்கைக்கே பில்.
மீதி, கடைசிப் பந்தி முடிந்து இலை எண்ணியதும். கூடுதலாக 25 இலை வரை அதே விலை. மேளம், போட்டோ, டிரைவர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். எண்ணும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூட இருந்தால் நல்லது.
செப். 4-க்குள் ரத்து செய்தால் ரூ.10,000 திருப்பித் தருவோம், அதற்குப் பிறகு அட்வான்ஸ் திரும்பாது.
சம்மதம் என்றால் 'சரி' என்று ஒரு பதில் அனுப்புங்கள்."

அந்த 'சரி' வராமல் அட்வான்ஸ் மட்டும் வந்தால் போன் செய்து கேட்டு வாங்குங்கள். விழா அன்று 262 இலை ஆனது என்றால் கூடுதல் 12 இலைக்கு 3,840, மீதி 20,000, ஆக மொத்தம் 23,840 என்று கணக்கை அதே சாட்டில் போட்டு அனுப்பிவிட்டு அப்புறம் பணம் கேளுங்கள்.